குடும்பக் குழு: சுந்தரம் அண்ணாவின் ஓய்வுத்தொகை

சுந்தரம்: அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். கைக்கு வரும் தொகை முழுவதையும் கதிரின் வீட்டுக்கடனை அடைக்கக் கொடுத்துவிட்டு அவனோடு இருந்துகொள்வதா, ஆயுள் முழுவதும் மாதந்தோறும் வரும் ஓய்வூதியமாக மாற்றிக்கொள்வதா என்று உங்களைக் கேட்கிறேன்.

ராஜு: ஓய்வூதியமே போதும் அண்ணா. நமக்கு என்ன ஆனாலும் அந்தப் பணம் வந்துகொண்டே இருக்கும்.

விஜயா: என் மாமனாரும் அப்படித்தான் நினைத்தார். அவர் போன மாதத்தோடு ஓய்வூதியமும் நின்றுவிட்டது. அத்தைக்கு ஒன்றும் வரவில்லை.

மீனாட்சி: அவர் தம் ஒருவரின் ஆயுளுக்கு மட்டும் எடுத்திருப்பார், விஜயா. கணவன், மனைவி இருவர் ஆயுளுக்கும் சேர்த்து எடுத்தால் மாதத்தொகை சற்றுக் குறையும். ஆனால் யார் முன்னால் போனாலும் மற்றவருக்குத் தொடரும். ராஜு அண்ணா சொல்வதில் இன்னொரு குறையும் இருக்கிறது. தொகை மாறாமல் வந்தாலும் அதன் மதிப்பு மாறும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் அது வாங்கும் பொருள் பாதியாகிவிடும். அண்ணிக்கு இப்போது 54 வயது. 78 வயதில் அவர் கையில் இருப்பது இன்றைய மதிப்பில் கால் பங்குதான்.

கதிர்: அப்படியானால் நான் பார்த்துக்கொள்வதுதானே நல்லது, அத்தை? என் சம்பளம் விலைவாசியோடு உயரும்.

மீனாட்சி: உயரும்போது அது பெரிய பலம், கதிர், இரவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போக எந்த ஓய்வூதியமும் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் வேலை போனால் உன் வீடும் அப்பாவின் சோறும் ஒரே நாளில் ஆட்டம் காணும். கடனில் போட்ட பணத்தை அவர் சிறிது சிறிதாகத் திரும்ப எடுக்கவும் முடியாது.

ராஜு: நம் அப்பா நிலத்தை விற்று யாருக்குக் கொடுத்தார், பிறகு யார் வீட்டில் இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சுந்தரம்: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம், ராஜு.

மீனாட்சி: என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அரிசி, மருந்து, மின்கட்டணம் ஆகிய நிற்காத செலவுகளுக்கு மட்டும் இருவர் ஆயுளுக்குமான ஓய்வூதியம் வாங்குங்கள். ஒருமுறை வாங்கினால் பெரும்பாலும் திரும்பப் பெற இயலாது என்பதால் எல்லாவற்றையும் அதில் போட வேண்டாம். விலையேற்றத்துக்கும் சிகிச்சைக்கும் ஒரு பகுதி கையில் இருக்கட்டும். போட்ட பணத்தைப் பின்னாளில் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரும் திட்டத்தில் மாதத்தொகை இன்னும் குறையும். கதிருக்கு அது தேவையா என்று அவனே சொல்லட்டும்.

கதிர்: அந்தப் பணம் எனக்கு வேண்டாம். ஆனால் இந்த ஆண்டுத் தவணைக்கு மட்டும் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது, அப்பா.

கமலா: எவ்வளவு என்று இங்கே எழுதாதே, கதிர். வீட்டுக்கு வந்து பேசு.

சுந்தரம்: இருவர் ஆயுளுக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு வரும் என்று திங்கட்கிழமை கேட்டு வருகிறேன். கதிருக்கு எவ்வளவு என்பதை அதன் பிறகு பார்ப்போம்.

விஜயா: மாமா, அத்தை பெயரை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.