[கலைச்சொல்] லோகோவுக்குள் ஒளிந்திருக்கும் உருவம்: ஒரு சொல்லா, இரண்டா?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரைகலை வடிவமைப்புப் பாடநூலுக்கான சொல்லடைவில் 'நெகட்டிவ் ஸ்பேஸ்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன், அதாவது வடிவத்தைச் சுற்றியும் நடுவிலும் வரையாமல் விடும் இடம். வழக்கில் 'எதிர்மறை வெளி' என்று எழுதுகிறார்கள். அதில் எதிர்ப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. படிக்கும் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. 'வெற்றிடம்' என்றால் இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு ஃபெடெக்ஸ் லோகோ, அதில் எழுத்துகளுக்கு நடுவே தெரியும் அம்பு. அந்த அம்பைக் குறிக்க நல்ல தமிழ்ச்சொல் தாருங்கள்.

பிரபு எழுதியது:

'மறையுரு' என்று வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது. கூடவே நிறத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ஊதா என்றால் நம்பிக்கை, ஆரஞ்சு என்றால் வேகம், அதனால்தான் ஃபெடெக்ஸ் அந்த இரண்டையும் எடுத்தது. பிஎம்டபிள்யூ வட்டமும் இதே வகைதான்: நீல வானத்தில் சுழலும் வெள்ளை விமான விசிறி ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மறையுரு பொருந்தும்.

சுந்தரம் எழுதியது:

'மறையுரு' வினைத்தொகை, இலக்கணப்படி குறையில்லை. ஆனால் கணினித் துறையில் மறையாக்கம், மறைக்குறியீடு என்று 'மறை'யை ஏற்கெனவே பூட்டுச்சாவி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மறையுரு என்றதும் கடவுச்சொல் கேட்கும் படம் என்று நினைப்பார்கள்.

நம்மிடம் இதற்கு நெருங்கிய மரபு உண்டு. சித்திரகவியில் 'கரந்துறைச் செய்யுள்' என்று ஒரு வகை இருக்கிறது. வெளியே ஒரு பாட்டு. அதன் எழுத்துகளைக் குறிப்பிட்ட முறையில் பொறுக்கினால் உள்ளே இன்னொரு பாட்டு. சோதிடத்தில் கண்ணுக்குத் தெரியாத கோள்களைக் கரந்துறை கோள்கள் என்பார்கள். எனவே அம்புக்குக் 'கரந்துறை உரு' என்று வைக்கலாம். இதையே நெகட்டிவ் ஸ்பேஸுக்கும் வைத்துக்கொண்டால் ஒரு சொல்லில் வேலை முடிந்தது.

இர்ஃபான் எழுதியது:

சுந்தரம் ஐயா, சொல் அருமை. கடைசி வரியோடு மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. எழுத்துரு வரைவதே என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெடெக்ஸ் லோகோ 1994-இல் வந்தது. லேண்டர் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த லிண்டன் லீடர் வடிவமைத்தார். யூனிவர்ஸ், ஃபியூச்சரா என்ற இரண்டு தடித்த எழுத்துருக்களின் குணங்களைக் கலந்து, எழுத்துகளைப் புதிதாகவே வரைந்தார்கள். ஆங்கிலப் பெரிய 'ஈ'க்கு மூன்று கிடைக்கைகள். நடுக்கைக்கும் அடிக்கைக்கும் இடையே உள்ள சந்துதான் அம்பின் தண்டு. அடுத்து நிற்கும் சின்ன 'எக்ஸ்'ஸின் இடப்பக்கம் ஒரு முக்கோணப் பிளவு இருக்கும். அதுதான் அம்பின் முனை. சாதாரண எழுத்துருவில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அம்பு வராது. சின்ன 'எக்ஸ்'ஸின் தலை 'ஈ'யின் நடுக்கையோடு சேரும் உயரத்துக்கு வர வேண்டும். இரண்டு எழுத்தும் தொட்டுக்கொள்ளவும் வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் பின்னணி வெள்ளை அந்த வழியாக வழிந்து, அம்பு திறந்துபோகும்.

ஆக, அங்கே இரண்டு வேலை நடந்திருக்கிறது. எழுத்துக்கு வெளியே கிடக்கும் இடத்தை வரைபவர் அளந்து விடுகிறார். அந்த இடம் மூடப்பட்டு ஓர் உருவமாகிறது. முதலாவது எல்லா லோகோவிலும் உண்டு, இரண்டாவது அரிது.

டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பாண்டாவைப் பாருங்கள். 1961-லிருந்து இருக்கும் சின்னம், இன்றைய வடிவம் பின்னால் வந்தது. கறுப்புத் திட்டுகள் மட்டும்தான் வரையப்பட்டிருக்கின்றன. தலையின் உச்சிக்கும் முதுகுக்கும் கோடே கிடையாது. தாளின் வெள்ளையைக் கண் தானாகப் பிடித்து முதுகாக்கிக்கொள்கிறது. கறுப்பு மை ஒன்றே போதும் என்பதால் அச்சுச் செலவும் மிச்சம். அங்கே வெளி முழுமூச்சாக வேலை செய்கிறது. ஆனால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பாண்டாவைக் 'கரந்துறை உரு' என்று எப்படிச் சொல்வது?

கயல்விழி எழுதியது:

அப்படியானால் நான் கேட்ட கேள்வியிலேயே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளிக்கு ஒரு சொல், உருவுக்கு ஒரு சொல். உருவுக்குச் சுந்தரம் ஐயா தந்ததையே 'கரந்துரு' என்று சுருக்கலாமா? மாணவர்கள் நாக்குக்கு எளிது.

சுந்தரம் எழுதியது:

கூடாது அம்மா. 'கரந்து' வினையெச்சம், அது வினையைத்தான் கொண்டு முடியும், பெயரைக் கொள்ளாது. 'கரந்துறை'யில் 'உறை' என்ற வினை இருப்பதால் நிற்கிறது. சுருக்கியே ஆக வேண்டும் என்றால் 'கரவுரு' ஆகும். ஆனால் கரவு என்றால் வஞ்சகமும்தான். நிறுவனங்கள் விரும்பமாட்டா!

இர்ஃபான் சொன்ன பாண்டாவை ஏற்கிறேன். ஒரு சொல் போதாது.

ஜெயந்தி எழுதியது:

வணக்கம். லோகோ பற்றிப் பேச்சு என்றதும் என் பிரச்சினையைக் கேட்கத் தோன்றியது. எங்கள் நிறுவனப் பெயரின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஓர் இலை தெரிகிற மாதிரி வரைந்து கொடுத்தார்கள். திரையில் அழகாக இருந்தது. சட்டைப் பையில் தையல் போட்டு வந்ததும் இலையைக் காணோம், ஒரு பச்சைக் கட்டிதான் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அடித்தபோதும் இலை ஒல்லியாகிவிட்டது. வரைந்தவர் குறையா, தைத்தவர் குறையா?

பிரபு எழுதியது:

ஜெயந்தி அக்கா, இங்கே சொல் மட்டும்தான் தேடுகிறோம் :)

இர்ஃபான் எழுதியது:

இல்லை பிரபு, அக்காவின் கேள்வி சொல்லுக்கும் உதவும்.

இரண்டு பேர் குறையும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தந்த அளவுக்குத் தனிப் படி வரையாமல் விட்டதுதான் காரணமாக இருக்கும். வழக்கமான தையல் நூலின் தடிமனே சுமார் 0.4 மில்லிமீட்டர். துணியும் இழுபடும். எனவே 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த சந்து பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அச்சிலும் சொரசொரப்பான தாளில் மை பரவி இதையே செய்யும், அளவு மட்டும் குறைவு. கறுப்பில் வெள்ளை அடித்தால் வேறு கதை: வெளிச்சமான பகுதி கண்ணுக்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எழுத்து தடித்தது போலாகி, நடுவே உள்ள இலை மெலியும். அதற்கு இடைவெளியைச் சற்று அகட்டிய படி ஒன்று தனியாக வேண்டும். வரைந்தவரிடம் தையலுக்கு ஒன்று, கறுப்புப் பின்னணிக்கு ஒன்று என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நிறத்தைத் திருப்பிப்போட்டால் ஃபெடெக்ஸ் அம்பு கறுப்பு அம்பாகும், ஆனாலும் அம்புதான். பாண்டாவைத் திருப்பிப்போட்டால் புகைப்பட நெகட்டிவ் மாதிரி கறுத்த உடலும் வெளுத்த கண்ணுமாகி, பாண்டாவே போய்விடும். ஏனென்றால் பாண்டாவில் வெளியின் வெள்ளை விலங்கின் வெள்ளையாகவே நிற்கிறது. ஃபெடெக்ஸில் வெளிக்கு நிறமே முக்கியமில்லை, விளிம்பு மட்டும் போதும். இரண்டும் வேறு என்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

நிறம் பற்றிப் பிரபு சொன்னதற்கும் ஒரு வார்த்தை. ஃபெடெக்ஸ் பல ஆண்டுகள் 'எக்ஸ்' பகுதியின் நிறத்தைச் சேவைக்குச் சேவை மாற்றியது: விரைவு அஞ்சலுக்கு ஆரஞ்சு, தரைவழிக்குப் பச்சை, பெருஞ்சரக்குக்குச் சிவப்பு. அங்கே நிறம் எந்த வண்டி என்று சொன்னது. மனவுணர்ச்சி எதையும் சொல்லவில்லை. நிறம் மாறியும் அம்பு மாறவில்லை, அது பின்னணியில் இருப்பதால். இன்னொன்றையும் கவனியுங்கள்: நிறப்பிரிவு 'ஈ'க்கு முன்பே வந்துவிடுகிறது. அம்பைச் சூழ்ந்த இரண்டு எழுத்தும் ஒரே நிறம். ஒன்று ஊதா, மற்றது ஆரஞ்சு என்று இருந்திருந்தால் கண் அந்த இடத்தில் எழுத்தைத்தான் பிரித்திருக்கும், அம்பைச் சேர்த்திருக்காது என்பது என் கணிப்பு.

பிரபு எழுதியது:

சரி, ஃபெடெக்ஸ் நிறத்தை விட்டுக்கொடுக்கிறேன். பிஎம்டபிள்யூ விசிறி? அதை அந்த நிறுவனமே விளம்பரத்தில் போட்டிருக்கிறதே.

இர்ஃபான் எழுதியது:

போட்டது உண்மை, ஆனால் 1929-இல். சின்னம் பதிவானது 1917-இல். அந்த நீலமும் வெள்ளையும் பவேரியா மாநிலத்தின் நிறங்கள். அரசுச் சின்னத்தை வணிகக் குறியில் அப்படியே வைக்கச் சட்டம் இடம் தராததால் கட்டங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். பின்னால் வந்த விளம்பரத்தில் விமான விசிறிக்குள் சின்னத்தைக் காட்டினார்கள், கதை பிடித்துக்கொண்டது. நிறுவனமும் அதை அவசரப்பட்டு மறுக்கவில்லை, நல்ல கதையாயிற்றே.

சுந்தரம் எழுதியது:

இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், தற்குறிப்பேற்றம்! கோட்டைக் கொடி காற்றில் அசைவதை 'வராதே' என்று கை காட்டுவதாகப் பாடுவது போல, வேறு காரணத்தால் அமைந்த வடிவத்தின்மேல் பார்ப்பவர் தம் குறிப்பை ஏற்றுகிறார்.

அமேசானின் வளைகோட்டையும் கேட்டுவிடுகிறேன். ஏ முதல் இசட் வரை அம்பு, அதுவே புன்னகையும். அது கரந்துறை உருவா?

இர்ஃபான் எழுதியது:

இல்லை ஐயா, அது வெளிப்படையாக மையால் வரைந்த கோடு, ஒளிவே இல்லை. ஒரே கோடு இரண்டாக வாசிக்கப்படுகிறது. உங்கள் அகராதியில் அது சிலேடை.

கயல்விழி எழுதியது:

மகிழ்ச்சி. உருவுக்குக் கரந்துறை உரு, இரண்டாக வாசிப்பதற்குச் சிலேடை உரு, பின்னால் ஏறிய பொருளுக்குத் தற்குறிப்பேற்றம். வெளிக்கு நான் 'விடுவெளி' என்று முன்மொழிகிறேன், வரைபவர் வேண்டுமென்றே விட்ட வெளி என்ற பொருளில்.

பிரபு எழுதியது:

விடுவெளி என்றால் விண்வெளி மாதிரி கேட்கிறது. 'புறவெளி'?

இர்ஃபான் எழுதியது:

புறம் என்றால் லோகோவுக்கு வெளியே சுற்றிவர விடும் ஓர இடத்தோடு குழம்பும். அதற்கும் நாளை ஒரு சொல் தேவைப்படும். எனக்கு விடுவெளி சம்மதம், மேசையில் நாங்கள் 'கேப்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம் என்றாலும்.

சுந்தரம் எழுதியது:

எனக்கு ஓர் ஐயம் மிச்சம். வரைந்தவர் நோக்கம் இல்லாமல் தற்செயலாக எழுத்துகளுக்கு நடுவே ஓர் உரு அமைந்து, பிறகு நிறுவனம் அதைத் தனதென்று சொல்லிக்கொண்டால் அது கரந்துறை உருவா, தற்குறிப்பேற்றமா? ஃபெடெக்ஸில் நோக்கம் தெளிவு. அம்பை விளம்பரத்தில் எடுத்துக்காட்டலாம் என்று யோசனை வந்தபோதுகூட வேண்டாம் என்று லீடர் மறுத்திருக்கிறார். எல்லா லோகோவுக்கும் அப்படிச் சாட்சி கிடைக்காதே.

இர்ஃபான் எழுதியது:

விளிம்பைப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஃபெடெக்ஸின் அரபு வடிவத்திலும் எழுத்துகளுக்கு நடுவே அம்பு இருக்கிறது, வலமிருந்து இடமாக வாசிக்கும் எழுத்து என்பதால் இடப்பக்கம் பார்த்து. தற்செயல் என்றால் இரண்டு எழுத்துமுறையிலும் அமையாது. ஒரே வடிவம் மட்டும் இருந்தால் எனக்கும் விடை இல்லை ஐயா.

கயல்விழி எழுதியது:

சொல்லடைவில் 'கரந்துறை உரு' உள்ளீட்டின் கீழ் 'வரைந்தவர் கருதி அமைத்தது' என்று சேர்த்து, ஐயா எழுப்பிய ஐயத்தைக் குறிப்பாக விடுகிறேன். விடுவெளிக்கு இன்னும் மாற்றுகள் இருந்தால் அனுப்புங்கள்.

ஜெயந்தி எழுதியது:

கேட்டேன். தையலுக்குத் தனிப் படி தருகிறார்களாம், ஆனால் 1 மில்லிமீட்டர் விட்டால் இலை பாகற்காய் மாதிரி ஆகிறது என்கிறார். இலையையே எடுத்துவிடச் சொல்லட்டுமா?