மிஸ், டிஸ், மால்: மூன்றுக்கும் தமிழில் என்ன சொல்வது?

கோமதி, பாளையங்கோட்டை

கல்லூரிப் பிள்ளைகளுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மிஸ்இன்ஃபர்மேஷன், டிஸ்இன்ஃபர்மேஷன், மால்இன்ஃபர்மேஷன் மூன்றுக்கும் சொல் வேண்டும். 2017இல் ஐரோப்பிய மன்றத்துக்காக கிளேர் வார்டிலும் ஹொசைன் தெராக்‌ஷானும் எழுதிய அறிக்கைக்குப் பிறகு பரவலான பிரிவு இது. பொய்யென்று தெரியாமல் பரப்புவது முதலாவது, பொய்யென்று தெரிந்தே கெடுதல் செய்யப் பரப்புவது இரண்டாவது, உண்மையையே கெடுதல் செய்யப் பரப்புவது மூன்றாவது.

தவறான தகவல், பொய்த்தகவல், தீய தகவல் என்று போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் பரவிய வீடியோக்களை வகுப்பில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால், எல்லாரும் எல்லாவற்றையும் பொய்த்தகவல் என்றே எழுதினார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை, என் சொற்களில்தான் ஏதோ குறை.

சுடலைமுத்து, அம்பாசமுத்திரம்

கோமதி, இதற்கெல்லாம் புதுச்சொல் எதற்கம்மா? வதந்தி இருக்கிறது, புரளி இருக்கிறது. தெரியாமல் பரவினால் வதந்தி, வேண்டுமென்றே கிளப்பினால் புரளி. நம் ஊரில் "புரளியைக் கிளப்பாதல" என்று சொல்லும்போதே, கிளப்பியவனுக்கு உள்நோக்கம் உண்டு என்பது அடங்கிவிடுகிறது. மூன்றாவதைத் தகவல் என்றே நான் ஏற்கமாட்டேன். உண்மையைச் சொன்னால் அது உண்மைதானே?

தங்கமணி, திருநெல்வேலி டவுன்

புரளி பற்றி ஐயா சொன்னது பாதி சரி. கிளப்புகிறவனை அந்தச் சொல் காட்டுகிறது. வதந்தியில்தான் சிக்கல். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பேச்சுக்குத்தான் அந்தப் பெயர், அது மெய்யா பொய்யா என்பதை அது சொல்வதில்லை. சில வதந்திகள் கடைசியில் உண்மையாகவே போய்விடுகின்றன. செய்தி சரிபார்க்கும் மேசையில் வேலை பார்த்த காலத்தில் இதில் நானே பலமுறை தடுமாறியிருக்கிறேன்.

கோமதியின் சொற்களில் எங்கே குறை என்றால், "பொய்" என்ற சொல்லுக்குப் பொய்யன் ஒருவன் தேவையில்லை. மழை பொய்த்தது என்கிறோம். வானத்துக்கு வஞ்சகம் இருந்தது என்றா பொருள்? நடக்காமல் போனாலே, மெய்யாக இல்லாமல் இருந்தாலே பொய்தான். அதனால் பொய்த்தகவல் என்றால் முதல் இரண்டும் அதில் அடங்கிவிடும். பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். என் முன்மொழிவு: தெரியாமல் நடப்பது பிழைத்தகவல், தெரிந்தே செய்வது வஞ்சத்தகவல்.

இசக்கிராஜ், வள்ளியூர்

அந்த மார்ச்சில் என் மச்சான் கட்டிட வேலையில் எட்டுப் பேர் பீகார்காரர்கள். ஒரே வாரத்தில் ஐந்து பேர் ரயிலேறிவிட்டார்கள். ஹோலிக்குப் போகிறோம் என்றார்கள், ஆனால் கையில் அந்த வீடியோவும் இருந்தது. கம்பி கட்ட ஆள் இல்லாமல் கான்கிரீட் தள்ளிப்போனது.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். அடிதடி நிஜம், ஒட்டு வேலை இல்லை. நிஜ வீடியோவைக் கெடுதலுக்குப் பரப்பினார்கள். அப்படியானால் அது அந்த மூன்றாவது வகைதானே?

தங்கமணி

இல்லை இசக்கி. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

2023 மார்ச் தொடக்கத்தில் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு இரண்டு வீடியோக்களைப் பற்றி விளக்கம் கொடுத்தார். ஒன்று திருப்பூர், இன்னொன்று கோவை, இரண்டும் பழையவை. ஒன்றில் பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டார்கள். மற்றதில் அடித்தவரும் அடிபட்டவரும் உள்ளூர்க்காரர்கள். ஆக, காட்சி நிஜம். ஆனால் பரவியது வெறும் காட்சி இல்லையே. "தமிழர்கள் பீகாரிகளை அடிக்கிறார்கள்" என்ற வாசகத்தோடு சேர்ந்துதான் அது பரவியது. அந்த வாசகம் பொய். நாம் எடைபோட வேண்டியது சொல்லப்பட்ட சேதியைத்தான், படச்சுருளை அல்ல. சேதி பொய் என்றால் மூன்றாவது வகைக்குப் பேச்சே இல்லை, முதல் இரண்டில் ஒன்றுதான்.

அந்த இரண்டில் எது என்பது கைக்குக் கை மாறும். பழைய வீடியோவை எடுத்துப் புது வாசகம் எழுதி ஒட்டியவருக்கு அது எந்த ஊர், எப்போது நடந்தது என்பது தெரிந்திருந்தால் அவர் செய்தது வஞ்சத்தகவல். அதையே பாட்னாவில் பார்த்துப் பதறி, வள்ளியூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பிய அக்கா செய்தது பிழைத்தகவல். வீடியோவில் ஒரு நொடிகூட மாறவில்லை, வகை மாறிவிட்டது. அதனால்தான் கோமதி, வீடியோவை மட்டும் கொடுத்து வகை கேட்டால் விடை வராது. யார் அனுப்பினார், அப்போது அவருக்கு என்ன தெரியும் என்பதையும் கொடுக்க வேண்டும்.

உள்நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். மனசுக்குள் பார்க்க முடியாது, தடயங்களைத்தான் பார்க்க முடியும். மறுப்பு வந்ததும் அழித்தாரா, மறுப்பு வந்த பிறகும் அதையே திரும்ப ஏற்றினாரா? பழைய தேதி தெரியும் பகுதியை வெட்டியிருக்கிறாரா? அதே சமயத்தில் வந்த இன்னொரு வீடியோவைப் பாட்னாவிலேயே ஆட்களுக்குக் கட்டுப்போட்டு நடிக்கவைத்து எடுத்தார்கள் என்று பீகார் போலீஸ் சொன்னது. அப்படி எடுத்தவர் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. மற்ற பெரும்பாலானவற்றில் தடயம் போதாது. அங்கே "பொய், நோக்கம் தெரியவில்லை" என்று எழுதி நிறுத்திவிட வேண்டும்.

பிரிக்காவிட்டால் என்ன கேடு? அக்காவுக்குப் போலீஸ் நோட்டீஸ் போகும், எடுத்தவருக்கு வெறும் மறுப்பறிக்கை போகும். வேண்டியது நேர்மாறு. அக்காவுக்கு வேண்டியது அவருக்குப் புரிகிற இந்தியில் ஒரு விளக்கம், அதுவும் அவர் நம்பும் ஆளிடமிருந்து.

காதர், மேலப்பாளையம்

மூன்றாவது வகையை ஐயா ஏற்கமாட்டேன் என்கிறார். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் கொரோனா சமயம், தனிமைப்படுத்தப்பட்டவர்கள் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் அண்ணன் பெயர், தெரு, கதவு எண், போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மூன்று நாள் விடாமல் போன், எடுத்தால் வசவு. பால்காரர் தெருமுனையோடு நின்றுவிட்டார். அண்ணனுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்த பிறகும் ஒரு மாதம் யாரும் வாசல் பக்கம் வரவில்லை. சரிபார்க்கிறவர்களிடம் அனுப்பியிருந்தால் "உண்மை" என்றுதானே முத்திரை குத்தியிருப்பார்கள்?

சுடலைமுத்து

காதர் தம்பி, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்று நாற்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். உண்மையாக இருப்பது மட்டும் போதாது என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். அந்தக் குறள் எனக்கு முதலிலேயே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சொல் வேண்டுமென்றால் "கோள்" பார்க்கலாம். கோள் சொல்கிறவன் பல நேரம் நடந்ததைத்தான் சொல்கிறான். ஒருத்தனை மாட்டிவிடச் சொல்கிறான் என்பதுதான் குற்றம். கோள்தகவல்.

கோமதி

ஐயா, பொருள் அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் பிள்ளைகள் செவ்வாய், வியாழன் என்று நினைத்துவிடுவார்களே. ஊறுதகவல் என்றால்? ஊறு என்றால் தீங்கு.

இசக்கிராஜ்

ஊறு என்றதும் எனக்கு ஊறுகாய்தான் வருகிறது அக்கா. கோள் என்றால் எங்கள் அம்மாவுக்கே புரியும்.

தங்கமணி

நானும் கோள் பக்கம்தான், ஒரு தயக்கத்தோடு. காதர் பாய், அந்தப் பட்டியலை உங்கள் தெருவில் முதலில் அனுப்பியவர் கெடுக்க நினைத்தாரா, மற்றவர்களை எச்சரிக்க நினைத்தாரா?

காதர்

எங்கள் எதிர்வீட்டு மாமிதான். "எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்று எழுதியிருந்தார். அவர் மனசில் கெடுதல் இருந்திருக்காது. ஆனால் அண்ணன் பட்டது பட்டதுதான்.

தங்கமணி

அப்படியானால் அது மூன்றிலும் அடங்காது. உண்மை, கெட்ட நோக்கமும் இல்லை, கேடு மட்டும் நடந்திருக்கிறது. கோள் என்று பெயர் வைத்தால் மாமி மேல் இல்லாத பழி விழும். ஊறுதகவல் என்றால் நடந்த தீங்கை மட்டும் சொல்லும், நோக்கத்தைச் சொல்லாது. அந்தச் சொல் இந்த நான்காவது இடத்துக்குத்தான் பொருந்துகிறதோ என்று படுகிறது.

கோமதி

பிழைத்தகவல், வஞ்சத்தகவல் இரண்டையும் கையேட்டில் எழுதிவிட்டேன். மூன்றாவதற்குக் கோள்தகவல் என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். மாமியின் பட்டியலைப் பெயர், முகவரி எல்லாம் நீக்கிப் பயிற்சிக் கேள்வியாக வைக்கலாமா, காதர் அண்ணாச்சி? உங்கள் அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர் சரி என்றால்தான் சேர்ப்பேன்.