புதுப்பிப்பு: சிரப் வால்வின் ஊசலாட்டம் நின்றது

முன்பு நான் கேட்டது: "தண்ணீர் ஓட்டம் குறைந்தால் சிரப் வால்வு ஏன் ஊசலாடுகிறது? தண்ணீர்-சிரப் விகிதம் 5:1ல் நிற்கவே மாட்டேன் என்கிறது."

எல்லாருக்கும் நன்றி. தண்ணீரையும் சிரப்பையும் குழாயிலேயே கலக்கும் எங்கள் லைனில், இரண்டு ஓட்டங்களையும் வகுத்து, அந்த விகிதத்தையே பிஐடி கன்ட்ரோலர் பிடித்துவைப்பதாக அமைத்திருந்தார்கள். கருவிப் பிரிவு அண்ணன் சொன்னதுதான் பலித்தது: வகுக்காதீர்கள், பெருக்குங்கள். இப்போது அளந்த தண்ணீர் ஓட்டத்தை 0.2 ஆல் பெருக்கி, சிரப் கன்ட்ரோலருக்கு செட்பாயின்ட்டாகக் கொடுக்கிறோம். வகுத்தால், தண்ணீர் மணிக்கு 6000 லிட்டரிலிருந்து 2000க்கு இறங்கும்போது லூப் கெயின், அதாவது சிரப் ஓட்டத்தின் சிறு மாற்றத்துக்கும் லூப் காட்டும் எதிர்வினை, மூன்று மடங்காகிவிடும்; அதனால்தான் அந்த ஊசலாட்டம்.

கெயினைக் குறைத்தாலும் ஆட்டம் நின்றது, ஆனால் முழு ஓட்டத்தில் சிரப் மந்தமாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. ஓட்டம் மாறும் கணத்தில் மட்டும் பிரிக்ஸ், அதாவது கலவையின் சர்க்கரை அளவு, தவறிக்கொண்டே இருந்தது. பார்த்தால், தண்ணீர் மீட்டர் அளவைச் சீராக்கித் தாமதமாகக் காட்டும் டேம்பிங் 5 நொடி! 1 நொடியாக்கியதும் பெரும்பாலும் சரி. ஆனால் அதற்கப்புறம் வால்வு கொஞ்சம் துடிக்கிறது. அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.