அப்பாவின் சோற்றுக்குப் புழுங்கலா, தவிட்டரிசியா?

உவர்மலைப் பிள்ளை: அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம். கிளினிக்கில் தவிட்டரிசிக்கு மாறச் சொன்னார்கள். அது வேக முக்கால் மணித்தியாலம் போகிறது, அப்பாவும் மெல்ல ஏலாது என்று தட்டைத் தள்ளுகிறார். பச்சையரிசியை விட்டுப் புழுங்கல் கொடுத்தால் போதுமா?

மூதூர் வயற்காரன்: தவிட்டை விடாதீங்கோ பிள்ளை. தீட்டிப் போட்டால் மிஞ்சுவது மாச்சத்துத்தான். சிவப்புத் தவிட்டரிசி என்றால் வயிறாரச் சாப்பிடலாம், சீனி ஏறாது.

நிலாவெளி அக்கா: அண்ணை, தவிடு நல்லது, அதில் சண்டையில்லை. வயிறாரச் சாப்பிடலாம் என்பதைத்தான் ஏற்கமாட்டேன். எனக்கே 9 வருடமாகச் சீனி. 150 கிராம் சோற்றைத் தராசில் நிறுத்து, அதே மீன்குழம்பு, அதே முருங்கையிலைச் சுண்டலோடு மூன்று அரிசியையும் வேறு வேறு நாளில் சாப்பிட்டுப் பார்த்தேன். சாப்பிட முன்னர் மூன்று நாளும் 120க்குக் கிட்ட. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பச்சையரிசிக்கு 221, புழுங்கலுக்கு 181, தவிட்டரிசிக்கு 174. கையில் குத்திப் பார்க்கும் மீற்றர் நூற்றுக்குப் பதினைந்து முன்பின் காட்டும், அதனால் கடைசி இரண்டையும் நான் ஒன்றாகத்தான் எடுக்கிறேன். அதே தவிட்டரிசியை இரண்டு மடங்கு போட்டுச் சாப்பிட்ட நாள் 230 தாண்டியது.

கன்னியா மருமகள்: எங்கள் மாமி கஞ்சியை வடித்துவிட்டுத்தான் சாப்பிடுவா. சீனியெல்லாம் கஞ்சியோடு போய்விடும் என்பா. அவவுக்குச் சிறுநீரகமும் பழுது, தவிட்டரிசி வேண்டாமென்று டொக்டர் மறித்தவர்.

நிலாவெளி அக்கா: வடித்தால் கொஞ்ச மாதான் போகும் தங்கச்சி, சோற்றிலேயே பெரும்பங்கு நிற்கும். சிறுநீரகம் பழுதென்றால் தவிட்டிலுள்ள பொஸ்பரசுக்காக மறிப்பார்கள், அது வேறு கணக்கு.

பிள்ளை, நெல்லை ஊறவைத்து உமியோடு அவித்துக் காயவைக்கும்போது உள்ளே மா இளகி, ஆறும்போது இறுகிவிடும். அதனால்தான் புழுங்கல் மெதுவாகச் செரிக்கிறது. ஆனால் குழைய விட்டால் அந்தப் பலன் குறைந்துபோகும். 20 நிமிடத்தில் ஒரு பருக்கையை விரலால் நசுக்குங்கோ. நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல், பசையாகாமல் பிளந்தால் இறக்கலாம். தவிட்டரிசியை இரவே ஊறப்போட்டால் அரை மணித்தியாலத்தில் வெந்துவிடும்.

மூதூர் வயற்காரன்: அளவு விஷயத்தில் என் பேச்சுத் தவறு, சரி. ஆனால் தீட்டிய புழுங்கலில் நார்ச்சத்து எங்கே? மில்லில் சொல்லித் தவிடு போகாமல் குற்றிய சிவப்புப் புழுங்கல் வாங்கினால் இரண்டும் கிடைக்குமே.

நிலாவெளி அக்கா: கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. மெல்லுவாரா என்பதுதான் கேள்வி.

உவர்மலைப் பிள்ளை: இன்று புழுங்கல் வைத்தேன். அவித்த நெல் நெடி அடிக்கிறது என்று முகம் சுளித்தாலும் தட்டை முடித்தார். இரண்டு மணித்தியாலத்தில் 188. நாளைக்குப் பாதிக்குப் பாதி தவிட்டரிசி கலக்க நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் வேகாதே, என்ன செய்வது?

கன்னியா மருமகள்: தவிட்டரிசியை முதலில் போட்டு, பாதி வெந்த பிறகு புழுங்கலைக் கொட்டுங்கோ.