அறிந்த நாளா, அறிந்திருக்கக்கூடிய நாளா: காலவரையறைக்கு ஒரு கலைச்சொல்

நந்தகுமார், ஈரோடு:

அன்புள்ள நண்பர்களுக்கு,

உரிமையியல் வழக்குகளுக்கான சொற்பட்டியலில் ஒரு பதிவு மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் வரும் ‘காலம் ஓடத் தொடங்குதல்’ என்ற தொடரில் எனக்குச் சிக்கல் இல்லை. மோசடியால் மறைக்கப்பட்ட செய்தி பிற்பாடு தெரியவரும்போது, நிகழ்ந்த நாளை விட்டுவிட்டுத் தெரியவந்த நாளிலிருந்து காலத்தை எண்ணுகிறார்களே, அந்த நாளுக்குத்தான் ஒரு பெயர் வேண்டும். ‘கண்டுபிடிப்பு நாள்’ என்றால் ஆய்வகம்தான் நினைவுக்கு வருகிறது. ‘கண்டறிநாள்’ பொருந்துமா?

சுப்பிரமணியம், பெருந்துறை:

‘கண்டு’ என்பதும் தேவையில்லை, ‘அறிநாள்’ போதும். வினைத்தொகை என்பதால் அறிந்த நாள், அறிகின்ற நாள், அறியும் நாள் மூன்றும் அதில் அடங்கும். ஏமாற்றப்பட்டவர் எந்த ஆண்டில் அறிந்தாலும் அன்றிலிருந்து மூன்றாண்டுகள் உண்டு என்பதுதானே விதி? அதையும் தவறவிட்டால் தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனு கொடுத்துவிடலாம் என்பதால், சொல்லை இதற்கு மேல் நுணுக்கிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மாலதி, வழக்கறிஞர், கோபிசெட்டிபாளையம்:

சுப்பிரமணியம் ஐயாவுக்கு வணக்கம். மூன்றாண்டு என்பது சரி. மற்ற இரண்டும் சரியல்ல. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் உரியது. அசல் வழக்குக்கு அது உதவாது. காலம் கடந்த வழக்கை, எதிர்வாதி அந்த வாதத்தை எழுப்பாவிட்டாலும், நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதிலேயே வழக்கு பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். காங்கேயம் பக்கத்துக் குடும்பம். தகப்பனார் காலமான பின் தோட்டமும் ஊருக்குள் இருந்த வீடும் அண்ணன், தங்கை இருவருக்கும் பொதுவில் இருந்தன. 2009இல், வீட்டில் உள்ள பங்கை மட்டும் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லித் தங்கையிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, அதைப் பதிவும் செய்துவிட்டார் அண்ணன். சொத்து விவரத்தில் தோட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது தங்கைக்குத் தெரியாது. அதன் பிறகும் தேங்காய் விற்ற பணத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் அவருக்கு வந்துகொண்டிருந்ததால் சந்தேகப்பட இடமில்லை. 2016இல் சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பித்தபோது, கூட்டுப் பட்டாவில் அவர் பெயர் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். கேட்டதற்கு, “எழுத்துப் பிழையம்மா, நான் சரிபண்ணிவிடுகிறேன்” என்று அண்ணன் சொல்லிவிட்டார். 2022இல் வங்கிக் கடனுக்காக வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் பத்திரத்தின் பதிவு கண்ணில் பட்டது. நகல் வாங்கிப் படித்துவிட்டு, 2024இல் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்கு தொடுத்தார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 2009இலிருந்து எண்ணினால் காலம் 2012இலேயே முடிந்தது. 2022இலிருந்து எண்ணினால் 2025 வரை உண்டு. பத்திரத்தை ரத்து செய்யும் வழக்குக்கு உரிய 59ஆம் உறுப்பு, ரத்து கேட்கும் உரிமையைத் தரும் செய்திகள் வாதிக்கு முதன்முதலில் தெரியவந்த நாளைத் தொடக்கமாக வைக்கிறது. இதுவரை ஐயாவின் ‘அறிநாள்’ தாங்கும். ஆனால் மோசடியைப் பற்றிய 17ஆம் பிரிவு, வாதி மோசடியை அறியும் வரையிலோ, உரிய கவனத்தோடு இருந்திருந்தால் அறிந்திருக்கக்கூடிய நாள் வரையிலோதான் காலம் ஓடாமல் நிற்கும் என்கிறது. அண்ணனின் வழக்கறிஞர் 2009ஐ விட்டு 2016ஐத்தான் பிடித்துக்கொள்வார்: பட்டாவில் பெயர் இல்லை என்று தெரிந்த அன்றே ஒரு வில்லங்கச் சான்று எடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும், ஆகவே 2019இலேயே காலம் முடிந்தது என்பார். நிகழ்ந்த நாள், அறிந்திருக்கக்கூடிய நாள், அறிந்த நாள் என்று மூன்று நாள்கள் இருக்க, சண்டை நடுவிலுள்ளதைப் பற்றியது. அதற்குத்தான் பெயர் இல்லை.

பழனிசாமி, சென்னிமலை:

வணக்கம். கைத்தறி வியாபாரம் செய்கிறேன். ஒருவர் 2016 ஜூலையில் புரோநோட்டு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினார். கேட்கும்போதெல்லாம் தருகிறேன் என்றே சொன்னார்; கொடுக்க மாட்டார் என்பது 2024இல்தான் எனக்குத் தெரியவந்தது. மாலதி அம்மா சொல்வதைப் பார்த்தால் 2024தானே என் அறிநாள்?

மாலதி, கோபிசெட்டிபாளையம்:

இல்லை. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, அதில் எழுதிய தேதியிலிருந்தே மூன்றாண்டு. உங்களிடம் எதுவும் மறைக்கப்படவில்லை. கொடுக்க மனமில்லாதது மோசடி ஆகாது. 2019 ஜூலைக்குள் அவர் ஏதாவது தொகை கொடுத்து, பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தால், அந்தத் தொகை கொடுத்த நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். வரவை நீங்களே எழுதி, அவர் கையெழுத்து இல்லாமல் இருந்தால் பயனில்லை. கெடு முடிந்த பிறகு போட்ட வரவும் போன காலத்தைத் திருப்பித் தராது. நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பட்டியலுக்கு இதுவும் ஒரு பாடம். ‘அறிநாள்’ என்று மொட்டையாக வைத்தால், எல்லா வழக்குக்கும் தெரிந்த நாளே தொடக்கம் என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

சுப்பிரமணியம், பெருந்துறை:

ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அறிந்த நாளுக்கு ‘மோசடி அறிநாள்’, நடுவில் உள்ளதற்கு ‘அறியத்தக்க நாள்’ என்று இரண்டாகப் பிரிக்கலாமே.

நந்தகுமார், ஈரோடு:

‘அறியத்தக்க செய்தி’ என்றால் அறிவதற்குத் தகுதியான செய்தி என்றுதான் வாசகர் கொள்வார். ‘அறிந்திருக்க வேண்டிய நாள்’ என்று மாற்றினால் தெளிவு கூடும் அல்லவா?

மாலதி, கோபிசெட்டிபாளையம்:

கூடாது. ‘வேண்டிய’ என்றால் அந்தத் தங்கை ஆண்டுதோறும் வில்லங்கச் சான்று எடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிவிடுகிறார். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. அவர் நிலையில் இருக்கும் ஒருவர் உரிய கவனத்தோடு முயன்றிருந்தால் முடிந்திருக்குமா என்றுதான் கேட்கிறது. அண்ணனை நம்பியதும், தேங்காய்ப் பணம் தவறாமல் வந்ததும் அந்தக் கவனத்தை எவ்வளவு தளர்த்தலாம் என்பது சாட்சியத்தைப் பார்த்து முடிவாகும். என் கணிப்பில் 2016 அவருக்கு ஆபத்தான ஆண்டுதான். எழுத்துப் பிழை என்ற பதிலை ஆறு ஆண்டுகள் நம்பியதற்கு அவர் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதிலும் மறைப்பின் ஒரு பகுதி என்பதே நல்ல விடையாக இருக்கும்.

இதை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. காலவரையறையிலிருந்து விலக்குக் கேட்பவர் அதற்கான காரணத்தை வழக்குரையிலேயே காட்ட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஏழாம் கட்டளையின் 6ஆம் விதி சொல்கிறது. ‘வழக்கு மூலம்’ என்ற பத்தியில் “சமீபத்தில் தெரியவந்தது” என்று மட்டும் எழுதி, எந்த நாளில், எந்தச் சான்றின் வழியாக என்று சொல்லாத வழக்குரைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படிப்பட்டவை தொடக்கத்திலேயே நிராகரிக்கப்படும் ஆபத்து உண்டு. என் ஓட்டு ‘அறிந்திருக்கக்கூடிய நாள்’ என்பதற்கு; நீளம்தான், ஆனால் பொருள் கெடவில்லை.

சுப்பிரமணியம், பெருந்துறை:

பத்து எழுத்துக்கு மேல் போவது கலைச்சொல் அன்று, விளக்கம். ‘அறியத்தக்க நாள்’ என்பதைச் சுருக்கி ‘அறிதகு நாள்’ என்று வைக்கலாம். அது இருக்கட்டும், பத்திரம் பதிவானதே ஊருக்கு அறிவிப்பு என்பார்களே, அப்படியானால் 2009தானே நாள்?

மாலதி, கோபிசெட்டிபாளையம்:

அண்ணன் தரப்பு அதையும் சொல்லும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விளக்கப்படி, பதிவு என்பது அதன் பிறகு அந்தச் சொத்தை வாங்குகிறவருக்கு அறிவிப்பு. ஏற்கெனவே பங்கு வைத்திருந்த தங்கை வாங்குகிறவர் அல்லர் என்பது என் வாதம். ஆனால் அவரே கையெழுத்திட்ட பத்திரம் என்பதால், உள்ளே இருப்பது அன்றே தெரியும் என்ற எதிர்வாதத்துக்கு வலு அதிகம். படிக்காமல், படித்துக் காட்டவும் படாமல் கையெழுத்திட்டார் என்பதை நிரூபிக்கும் சுமை அவருடையது.

நந்தகுமார், ஈரோடு:

இப்போதைக்கு ‘மோசடி அறிநாள்’ என்பதை உறுதி செய்துகொள்கிறேன். நடுவில் உள்ளதற்கு ‘அறிந்திருக்கக்கூடிய நாள்’, ‘அறிதகு நாள்’ இரண்டையும் குறித்து, முதலாவதை முன்னால் வைத்திருக்கிறேன். பத்திர எழுத்தர்களோ நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களோ இதற்கு வேறு வழக்குச் சொல் வைத்திருந்தால் எழுதுங்கள்.