யாழினியைச் சனிக்கிழமை இரவு அழைத்து வரும் நேரம்

கலா: யாழினி இந்தச் சனிக்கிழமை இரவு தோழியின் பிறந்தநாள் விருந்துக்காகச் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குப் போகிறாள். அவளுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்.
“யாழினி, 9 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். காலம் கெட்டுக் கிடக்கிறது. போன முறை போல நேரம் கடத்தினால் இனி எங்கும் அனுப்ப மாட்டேன். பொறுப்போடு நடந்துகொள்.”

முரளி அண்ணா: சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், தங்கச்சி. ஆனால் மாப்பிள்ளை எதற்கு இரவில் அலைய வேண்டும்? 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்துவிடலாமே, தோழிகளில் ஒருத்தி கொண்டுவந்து விட்டுவிடுவாள்.

செல்வி: உரிமம் எடுக்கலாம் என்பது உண்மைதான், அண்ணா. ஆனால் ஆலையைத் தாண்டினால் தோட்டம் வரைக்கும் தெருவிளக்கே கிடையாது. அந்தச் செம்பனைச் சாலையில் பின்னால் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு, எதிரே லாரி வரும்போது ஒதுங்கி ஓட்டும் பழக்கம் புதிதாக உரிமம் எடுத்த பிள்ளைக்கு இருக்காது.
அக்கா, முதலில் அந்தத் தோழியின் அம்மாவை அழைத்துக் கேக் எத்தனை மணிக்கு வெட்டுவார்கள் என்று கேளுங்கள். நம் விருந்துகளில் 7.30 என்று அழைத்தால் கேக் வெட்டவே 9 ஆகிவிடும். 9 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டுமென்றால் அவள் மட்டும் கேக்குக்கு முன்பே எழுந்து வர வேண்டியிருக்கும், அப்புறம் சண்டை முழுவதும் அதைப் பற்றியே நடக்கும்.

தேவி அண்ணி: டியூஷன் விட்டு வரும் நேரமா? எங்கள் தம்பியை நேரலை இருப்பிடம் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவன் தொலைபேசியைத் தன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான்.

கலா: டியூஷன் இல்லை அண்ணி, பிறந்தநாள் விருந்து. செல்வி, கேட்டுவிட்டேன், கேக் 9 மணிக்காம். போன முறை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு எப்படி உறைக்கும்?

செல்வி: அதை நேரில் பேசிக்கொள்ளுங்கள், அக்கா. பள்ளியில் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகள் பெற்றோரின் செய்தியைக் காட்டும்போது பார்க்கிறேன். பழைய தவறும் மிரட்டலும் ஒரு வரி இருந்தால் போதும், அந்த வரிக்குத்தான் பதில் எழுதியிருப்பார்கள், நேரம் மனத்தில் பதிந்திருக்காது. இன்னொன்று, வீட்டுக்கு வரும் நேரம் அவள் கையில் இல்லை, காரை ஓட்டுவது அத்தான். ஆகவே கார் வந்து நிற்கும் நேரத்தை முதலில் எழுதுங்கள். முடிவில், விவரம் சொல்லிப் பதிலளிக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கட்டும். வெறும் ‘ஓகே’ வந்தால் படித்தாளா இல்லையா என்று தெரியாது.

கலா: இது எப்படி?
“யாழினி, சனிக்கிழமை இரவு 9.45க்கு அப்பா மண்டபத்துக்கு எதிரே இருக்கும் பெட்ரோல் நிலையத்தில் காருடன் நிற்பார், 10.15க்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்பாவுக்கு ஞாயிறு காலை வேலை இருக்கிறது, அதனால்தான் இந்த நேரம். கேக் வெட்டத் தாமதமானால் 9.15க்குள் சொல், 15 நிமிடம் தள்ளிக்கொள்ளலாம். அதற்கு முன்பே கிளம்பத் தோன்றினாலோ, வேறு இடத்துக்குப் போகலாம் என்று யாராவது கூப்பிட்டாலோ, ஒரு புள்ளி மட்டும் அனுப்பு, அப்பா உடனே கிளம்பி வருவார், காரில் காரணம் கேட்க மாட்டோம். தோட்டத்துப் பிள்ளைகள் யாரையாவது நம் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா?”

செல்வி: இதில் அவளை மட்டம் தட்டும் வரி எதுவும் இல்லை, அக்கா. பெட்ரோல் நிலையத்தை மட்டும் மாற்றுங்கள், அவள் இருட்டில் பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். மண்டபத்தின் பக்கவாட்டு வாசலில் விளக்கு இருக்கிறது. இந்தக் குழுவில் போடாமல் அவளுக்குத் தனியாக, இன்றைக்கே அனுப்புங்கள். சனிக்கிழமை உடுத்திக்கொண்டு நிற்கும்போது சொன்னால் எந்த நேரமும் திடீர் உத்தரவாகத்தான் தெரியும்.

முரளி அண்ணா: காரணமே கேட்க மாட்டோம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப் போகும்.

செல்வி: காரில் கேட்க மாட்டோம் என்றுதான் எழுதியிருக்கிறது, அண்ணா. மறுநாள் கேட்கலாம். திட்டு விழுமென்று பயந்தால் அவள் அந்தப் புள்ளியையே அனுப்ப மாட்டாள்.

முரளி அண்ணா: நம் காலத்தில் அப்பா ஒரு பார்வை பார்த்தாலே போதும். சரி, உங்கள் பிள்ளை, உங்கள் விருப்பம்.

கலா: இடத்தை மாற்றி அனுப்பினேன், பதில் வந்துவிட்டது. இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளச் சொல்கிறாள். விருந்து முடிந்து எல்லாரும் மாமாக் கடைக்குப் போகிறார்களாம், 10.30 ஆக்கலாமா என்றும் கேட்கிறாள்.

தேவி அண்ணி: பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டாள்!

செல்வி: கேட்டது நல்லதுதான் அண்ணி, சொல்லாமல் போகவில்லையே. அக்கா, முடியாதென்றால் ஒரே வரியில் சொல்லுங்கள், புதிய காரணங்களை அடுக்க வேண்டாம்.

கலா: “இந்த முறை 9.45தான், கண்ணு. மாமாக் கடையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்” என்று அனுப்பினேன். முகம் சுளிக்கும் படம் ஒன்று வந்தது, பிறகு “சரிம்மா, 9.45, பக்கவாட்டு வாசல்” என்று எழுதியிருக்கிறாள். அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் இன்னும் பேசவில்லை. ஒருத்தியின் அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அவர் எண்ணை யாராவது அனுப்ப முடியுமா?