மாந்தோ பாசிட்டிவ், ஆனால் நோய் இல்லை: என்ன பெயர் வைக்கலாம்?

திருமங்கலம், மருந்தாளுநர்:
நர்சிங் மாணவிகளுக்கான படிவத்தில் "மறைந்திருக்கும் காசநோய்" என்று அச்சடித்திருக்கிறார்கள். 19 வயதுப் பெண் ஒருத்திக்கு மாந்தோ, அதாவது காசக்கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் பரிசோதனை, 14 மில்லிமீட்டர். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். படிவத்தைப் பார்த்த அம்மா, "பிள்ளைய தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரில சேக்கணுமா?" என்று அழுதுவிட்டார். "உறங்குநிலைக் காசம்" சரியாக வருமா?

மேலூர், தமிழாசிரியர் (ஓய்வு):
சங்கப் பாட்டில் பொருளை உள்ளே மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமம் இருக்க உறக்கம் எதற்கு? "உள்ளுறை காசநோய்" என்று சொல்லுங்கள். அது கிடக்கட்டும், பிறந்ததும் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்கள் எல்லோருக்கும் பாசிட்டிவ் வரும்தானே? அதற்குப் போய் ஒரு பெயரா?

மதுரை, நெஞ்சக மருத்துவர்:
பாதி சரி, அய்யா. பி.சி.ஜி.யால் மாந்தோ ஏமாற்றுவது உண்டு. ஆனால் பிறந்தபோது போட்டதன் தாக்கம் பத்து வயதுக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். இந்தப் பெண் வீட்டில் சளியில் கிருமியோடு யாராவது இருந்தார்களா?

திருமங்கலம்:
சித்தப்பா. போன வருஷம் ஒரே வீடு. இன்டர்பெரான் ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ்.

மருத்துவர்:
அப்படியானால் தடுப்பூசியைக் குறை சொல்ல முடியாது. அந்த ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் காசக்கிருமிப் புரதங்கள் பி.சி.ஜி.யில் கிடையாது. கிருமி உள்ளே போயிருக்கிறது, உடம்பு அதைக் கட்டி வைத்திருக்கிறது. இப்போது யாருக்கும் பரவாது. ஆனால் இரண்டு பரிசோதனையுமே நோயா, வெறும் தொற்றா என்று பிரித்துக் காட்டாது. அறிகுறியையும் எக்ஸ்ரேயையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால் பெயரில் "நோய்" கூடாது. "உள்ளுறை காசத்தொற்று" என்பேன்.

உசிலம்பட்டி, வாசகி:
எனக்கும் கை சிவந்து 22 என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கும் இதே தொற்றுதானா?

மருத்துவர்:
சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாதம்மா, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். ஊசி போட்டு 48லிருந்து 72 மணி நேரத்துக்குள், பால்பாயின்ட் பேனாவை முன்கையின் குறுக்கே இரண்டு பக்கமிருந்தும் கோடு போட்டுக்கொண்டு வந்தால் தடிப்பு தொடங்கும் இடத்தில் முனை தட்டி நிற்கும். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ளதுதான் அளவு. பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 போதும். உங்களுக்குத் தடிப்பை அளந்தார்களா என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது.

திருமங்கலம்:
"தொற்று" என்றாலே ஒட்டிக்கொள்ளும் என்றுதானே நம் ஊரில் அர்த்தம்? அம்மா மறுபடி அழுவார். "செயலற்ற காசம்"?

மருத்துவர்:
அது வேண்டாம். நோய் வந்து ஆறிய தழும்பைத்தான் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் அப்படி எழுதுகிறோம். இவளுக்கு இனிமேல்தான் வரலாம். நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும், அதில் பாதிப் பேருக்கு முதல் இரண்டு வருஷத்திலேயே. வாரம் ஒரு முறை, 12 வாரம் மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். "தொற்று" பற்றிய உங்கள் சங்கடம் நியாயம், என்னிடம் விடை இல்லை.

மேலூர்:
"உள்ளடங்கிய காசக்கிருமி"?

திருமங்கலம்:
அம்மாவுக்குப் புரியும், டாக்டர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. படிவத்தில் இப்போதைக்கு "காசக்கிருமி உள்ளது, நோய் இல்லை, பிறருக்குப் பரவாது" என்று நீட்டி எழுதிவிடுகிறேன்.